சுழல் மட்டும்தான் குற்றவாளியா?

‘உங்கள் எதிரி உங்கள் துணை அல்ல, உங்கள் இருவரையும் பிடித்திருக்கும் இந்தச் சுழல்தான்.’ சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980களில் கனடாவில் உருவாக்கிய உணர்வுமையத் தம்பதி சிகிச்சையின் தாரக மந்திரம் இது. மனைவி குறை சொல்கிறாள், கணவன் வாயை மூடிக்கொள்கிறான். அவன் மூட மூட அவள் குரல் உயர்கிறது. ஆலோசகர் அந்த இடத்திலேயே நிறுத்தி, “அவர் பேசும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது?” என்று கணவனைக் கேட்கிறார். “எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று பயமாக இருக்கிறது” என்கிறான். அலட்சியம் என்று அவள் எண்ணியிருந்தது அச்சம் என்று தெரிந்ததும் சூடு தணிகிறது. இது நிஜமான பலன், மறுப்பதற்கில்லை.

ஆனால் எதற்காகச் சண்டை என்ற கேள்வி இங்கே பின்னுக்குப் போய்விடுகிறது. 1990இல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் பெற்றோரான 31 தம்பதிகளைக் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசவைத்துக் கவனித்தார்கள். மனைவி மாற்றம் கேட்ட விஷயத்தில் அவள் துரத்தினாள், கணவன் ஒதுங்கினான். கணவன் மாற்றம் கேட்ட விஷயத்திலோ அந்த ஏற்றத்தாழ்வு காணாமல் போனது. அப்படியானால் துரத்துவதும் ஒதுங்குவதும் சுபாவம் மட்டுமல்ல. இருக்கும் ஏற்பாடு யாருக்கு வசதியோ அவர் பேச்சைத் தவிர்த்தாலே போதும், ஏற்பாடு அப்படியே நீடிக்கும். மௌனமே அவருக்கு வெற்றி. மாற்றம் வேண்டுபவருக்கோ கேட்டுக்கொண்டே இருப்பதைத் தவிர வழியில்லை. இருவரையும் சுழலில் சிக்கியவர்கள் என்று சமமாக நிறுத்துவது இந்த உண்மையை மறைக்கிறது.

இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுப்பவள் மனைவி. “எப்போதும் நான்தானா?” என்ற கேள்வி, சிகிச்சை அறையில் “நான் தனியாகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது” என்று மென்மையாகிறது. கணவன் உருகுகிறான், கையைப் பிடித்துக்கொள்கிறான். அடுத்த காய்ச்சலுக்கும் அவளே விடுப்பு எடுத்தால் நடந்தது என்ன? கோரிக்கை உணர்ச்சியாகக் கரைந்துவிட்டது. இனி அவள் கேட்டால், பழைய சுழலுக்குத் திரும்புகிறாள் என்ற பழியும் சேரும்.

ஒதுங்குபவரைத்தான் முதலில் முன்னே அழைத்துவருகிறோம், பழைய சிக்கல்களுக்குப் புதிய தீர்வு காண்பதும் எங்கள் கடைசிக் கட்டத்தில் உண்டு என்பார்கள் இம்முறையினர். உண்மைதான். ஆனால் முன்னே வருபவரிடம் முதன்மையாகக் கேட்கப்படுவது மனம் திறப்பது, பொறுப்பை ஏற்பது அல்ல. பிணைப்பு உறுதியானால் தீர்வு எளிதாகும் என்ற நம்பிக்கை, நியாயமான புகார் கொண்டவரையே காத்திருக்கச் சொல்கிறது. ஆகவே சிகிச்சை வென்றதா என்று பார்க்க, தம்பதி எவ்வளவு இதமாகப் பேசுகிறார்கள் என்று கேட்டால் போதாது. போன வாரம் விடுப்பு எடுத்தது யார் என்றும் ஆலோசகர் கேட்க வேண்டும்.