ஓட்டத்துக்கு முன்னால் மூன்று நாள் சோறு

முழு மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சந்தோஷம், கடைசி மூன்று நாள் சாப்பாடுதான்! வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், தேன் எல்லாமே அந்த நாட்களில் பயிற்சியின் ஒரு பகுதி. நம் ஊர்ச் சமையல் இதற்கென்றே பிறந்ததோ என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றித் தசையிலும் ஈரலிலும் சேமிக்கிறது. அது தீர்ந்தால் 30 கிலோமீட்டருக்கு மேல் கால் கட்டையாகிவிடும். 1960களில் சுவீடன் ஆய்வாளர்கள், முதலில் சேமிப்பைக் காலிசெய்து பிறகு நிரப்பும் கடுமையான முறையைக் காட்டினார்கள். அந்தப் பட்டினியெல்லாம் தேவையில்லை, ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு நிறைய மாவுச்சத்து சாப்பிட்டாலே போதும் என்பது 1980களில் தெளிவானது. என்ன அருமையான செய்தி!

ஞாயிறு ஓட்டம் என்றால் வியாழனன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சோறு போதும். வெள்ளியும் சனியும்தான் முக்கியம். உடல் எடையில் கிலோவுக்கு 10 கிராம் என்று வைத்தால், 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 600 கிராம் மாவுச்சத்து வேண்டும். நாள் முழுக்க இட்லி, இடியாப்பம், சோறு என்று 400 கிராம் அரிசி உள்ளே போனால் 310 கிராம் வந்துவிடும். நான்கு வாழைப்பழம் 100, வேகவைத்த உருளைக்கிழங்கு 300 கிராமில் 55, அரை லிட்டர் பழச்சாறு 55, சர்க்கரையும் தேனுமாக இன்னொரு 80. கணக்கு முடிந்தது! ஒரே வேளையில் திணிக்காமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்தால் சுகமாக இறங்கும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கூடுவது சோறு, குறைய வேண்டியது எண்ணெயும் நாரும். பிரியாணியும் பரோட்டாவும் கொழுப்பால் வயிற்றை நிரப்பி, சோற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடும். கீரை, சுண்டல், சிறுதானியம் மற்ற நாட்களுக்கு நல்லவைதான். இப்போது அவை குடலில் தங்கி, ஓடும்போது கழிப்பறை தேட வைக்கும். ரசம் சாதமும் தயிர் சாதமும்தான் என் தெய்வங்கள்.

சனியன்று தராசு ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டினால் கொண்டாடுங்கள். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்வதால் வரும் எடை அது. நிரம்பிவிட்டது என்பதற்கு அடையாளம். கால் லேசாகக் கனக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் வயிறு உப்பி வாயு தொல்லை தந்தால் நார் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

சனி மதியம் பெரிய சாப்பாடு, இரவு சீக்கிரமாக அளவாகத் தயிர் சாதம். தூங்கும்போது ஈரல் சேமிப்பு கரைந்துவிடும் என்பதால், ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் சர்க்கரை தொட்டு இட்லியும் ஒரு பழமும் கட்டாயம்.

10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்கள் ஒரு நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு முன்னால் இதை ஒத்திகை பார்த்துவிடுங்கள். பந்தய வாரத்தில் புதிய பண்டம் எதுவும் வேண்டாம்.