கதைப்பத்தியின் காலமாற்றமும் கால வழுவும்

நிகழ்காலத்தில் எழுதப்பெற்ற கதைப்பத்தி ஒன்றை இறந்தகாலத்திற்கு மாற்றுவது எளிய செயல் என்ற எண்ணம் பதிப்பாசிரியரிடையேயும் படைப்பிலக்கியப் பாடம் நடத்துவோரிடையேயும் பரவலாக உள்ளது. கிறு, கின்று என்னும் இடைநிலைகளை நீக்கி, த், ட், ற், இன் ஆகியவற்றுள் பொருந்துவதை இட்டுவிட்டால் பணி முடிந்தது என்பது இவ்வெண்ணத்தின் அடிப்படை. இம்முறையில் திருத்தப்படும் பத்திகளில் இருவகைக் குறை நேர்கிறது. மாற்ற வேண்டிய சில இடங்கள் மாறாமல் நிற்கின்றன. மாற்றக்கூடாத சில இடங்கள் மாறிப் பொருளைக் கெடுக்கின்றன. முதல்வகைக் குறையைப் படிப்போர் எளிதில் காண்பர். இரண்டாம் வகை கண்ணில் படுவதில்லை. வடிவத்தால் அது பிழையற்ற தமிழாகவே இருப்பதே காரணம். ஆகவே இதுவே கூடுதல் கவனத்திற்குரியது.

இதனை விளக்க, ஆய்வின் பொருட்டு அமைக்கப்பட்ட பத்தி ஒன்று கீழே தரப்படுகிறது.

'செல்லம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். மழை இன்னும் விடவில்லை. தெருவில் ஓடுகிற தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்து போகிறது. மகன் காலையிலேயே கிளம்பிப் போனான். இப்போது மணி நாலு. எப்போதும் மூன்று மணிக்குள் வந்துவிடுவான். அவனுக்கு நீந்தத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். பாலத்துக்கு அப்பால் வெள்ளம் ஏறிவிட்டது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போகிறார். ஊருக்குக் கிழக்கே ஆறு ஓடுகிறது. ஊர் மேட்டில் இருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும். கால் வரமாட்டேன் என்கிறது.'

இப்பத்தியை இடைநிலை மாற்றத்தால் மட்டும் இறந்தகாலமாக்கினால் 'உட்கார்ந்திருந்தாள்', 'போனது', 'போனார்', 'என்றது' என முற்றுகள் குறையின்றி மாறும். இவற்றில் எவரும் தவறுவதில்லை. ஆனால் அதே வேகத்தில் 'வந்துவிடுவான்' என்பது 'வந்துவிட்டான்' ஆகிறது. 'தெரியும்' என்பது 'தெரிந்தது' ஆகிறது. 'தெரியாது' என்பது 'தெரியவில்லை' ஆகிறது. 'மணி நாலு' என்பதோ மாற்ற வினையே இல்லாமையால் அப்படியே நிற்கிறது. இவ்விடங்களில்தான் கதை சிதைகிறது.

'எப்போதும் மூன்று மணிக்குள் வந்துவிட்டான்' என்னும் தொடரில் வழக்கமாக நிகழ்வது ஒருமுறை நிகழ்ந்ததாகி விடுகிறது. மேலும், மகன் இன்று வரவில்லை என்ற அச்சத்தின் மேல் கட்டப்பட்ட பத்தியில் அவன் வந்துவிட்டான் என்ற செய்தி புகுந்துவிடுகிறது. தமிழில் எதிர்கால வினைக்கு வழக்கத்தைக் கூறும் பணியும் உண்டு. அவ்வழக்கம் இறந்தகாலத்திற்கு உரியதாயினும் வினையின் வடிவம் மாறுவதில்லை. 'அந்நாளில் தாத்தா தினமும் ஆற்றுக்குப் போவார்' என்பதே இயல்பான வழக்கு. இது இக்கால எழுத்தாளர் கண்ட புதுமையன்று. தொல்காப்பிய உரையாளர் காலமயக்கத்தை விளக்குமிடத்து, பண்டு என்னும் சொல்லோடு 'விளையாடுவர்' என எதிர்கால வினை வருவதை ஏற்றுக் காட்டுகின்றனர். நன்னூலாரும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணங்களால் முக்காலமும் பிறழ்ந்து வரலாம் என அமைக்கிறார். ஆதலின் திருத்துவோர் பத்தியிலுள்ள 'வான்', 'வாள்', 'உம்' முற்றுகளைக் கண்டவுடன் மாற்றாமல், அது இனி நிகழப்போவதைச் சொல்கிறதா, வழக்கத்தைச் சொல்கிறதா என முதலில் பிரித்தறிதல் வேண்டும். வழக்கத்தைச் சொல்வதாயின் கைவைக்க வேண்டியதில்லை.

'தெரியும்' என்னும் சொல்லின் நிலை இதனினும் நுட்பமானது. இதன் இறந்தகால வடிவமாகிய 'தெரிந்தது' அறிவு இருந்த நிலையைக் குறிப்பதன்று. அறிவு தோன்றிய கணத்தையோ கண்ணுக்குப் புலப்பட்டதையோ குறிப்பது. மகனுக்கு நீந்தத் தெரியாது என்பது தாய்க்கு ஆண்டுக்கணக்கில் தெரிந்த செய்தி. 'அவளுக்குத் தெரிந்தது' என எழுதினால் அன்று மாலைதான் அதை அவள் கண்டுகொண்டாள் என்றாகிறது. 'அவனுக்கு நீந்தத் தெரியவில்லை' என்பதும் அவ்வாறே, யாரோ அவன் நீந்த முயன்றதைப் பார்த்துச் சொன்ன கூற்றாகத் திரிகிறது. இங்கு இரு வழிகளே உள்ளன: 'தெரிந்திருந்தது' என நிலையைக் குறிக்கும் வடிவத்தை இடலாம், அல்லது 'தெரியும்' என்றே விடலாம். இறந்தகாலக் கதையோட்டத்தில் 'அவளுக்குத் தெரியும்' என நிற்பது தமிழ்ப் புனைகதையில் நன்கு பழகிய வழக்கு. அது பாத்திரத்தின் மனத்திற்கு மிக அருகில் நிற்கும் குரல். 'தெரிந்திருந்தது' என்பதில் கதைசொல்லி சற்று விலகி நிற்கிறான். இரண்டில் எது வேண்டும் என்பது இலக்கணத்தைச் சார்ந்த முடிவன்று, கதையைச் சார்ந்த முடிவு.

'வேண்டும்' என்பதும் இவ்வகையினது. 'போய்ப் பார்க்க வேண்டியிருந்தது' என மாற்றினால் புறத்திலிருந்து சுமத்தப்பட்ட கடமையாக அது ஒலிக்கிறது. செல்லம்மாளின் நெஞ்சத்து எழுச்சியைக் காக்க 'போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது' என்பதே தக்க வடிவம். 'என்று' என்னும் சொல் வந்தவுடன் அதற்கு முன்னுள்ள கூற்று தன் காலத்திலேயே நிற்க உரிமை பெற்றுவிடுகிறது.

இவ்வுரிமையே பால்காரரின் கூற்றிலும் செயற்படுகிறது. 'வெள்ளம் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்' என்பதில் 'ஏறிவிட்டது' மாறாது. 'சொல்லிவிட்டு' என்னும் வினையெச்சமும் தனக்கெனக் காலம் கொள்ளாமல் முற்றின் காலத்தையே சார்ந்து நிற்பதால் மாறாது. ஆங்கிலத்தில் கதை எழுதியும் படித்தும் பழகியவர், தலைமை வினை இறந்தகாலமானால் உள்வினையும் ஒரு படி பின்செல்லும் என்ற அம்மொழியின் நெறியைத் தமிழிலும் கொண்டுவந்து 'ஏறிவிட்டிருந்தது என்று சொன்னார்' என எழுதுவதுண்டு. தமிழகத்திற்கு வெளியே ஆங்கில வழியில் பயின்று பின்னர்த் தமிழில் எழுத வருவோரிடம் இதற்கு வாய்ப்பு மிகுதி. 'நாளை வருவதாகச் சொன்னான்' என்பதை 'நாளை வந்ததாகச் சொன்னான்' என மாற்றிப் பார்த்தால் இந்நெறி தமிழுக்கு ஏன் ஒவ்வாது என்பது உடனே விளங்கும்.

பெயரெச்சத்தில் நேரும் இடர் வேறு. 'ஓடுகிற தண்ணீர்' என்பதை 'ஓடிய தண்ணீர்' என்றால் இப்பத்தியில் கேடொன்றுமில்லை. ஓட்டம் தொடர்வது என்பது சூழலால் விளங்கும். ஆனால் 'எரிகிற வீட்டைப் பார்க்கிறாள்' என்னும் தொடரை 'எரிந்த வீட்டைப் பார்த்தாள்' என மாற்றினால் தீ அணைந்துவிடுகிறது. அவள் காண்பது சாம்பல். பெயரெச்சத்தின் காலம் பெரும்பாலும் முற்றின் காலத்தை நோக்கி அளக்கப்படுவது. பார்த்த அப்பொழுதே எரிதலும் நிகழ்ந்தது எனில் 'எரிகிற வீட்டைப் பார்த்தாள்' என்பதே சரி. செவிக்கு அது பொருந்தாதவிடத்து 'எரிந்துகொண்டிருந்த' எனலாம். பத்தியின் நடுவே ஒரு 'கிற' தென்பட்டவுடன் அதைத் தப்பிப்போன நிகழ்காலமாகக் கருதித் திருத்தும் பழக்கம் பல கதைகளில் தீயை அணைத்திருக்கக்கூடும்.

இனி, மாற்ற வேண்டியிருந்தும் மாறாமல் நிற்கும் இடங்கள். 'மழை இன்னும் விடவில்லை' என்பது நிகழ்காலத்திற்கும் இறந்தகாலத்திற்கும் பொதுவான எதிர்மறை. அதனைத் தொட வேண்டியதில்லை. 'மணி நாலு' என்பது வினையற்ற தொடர். வினையற்ற தொடர் பக்கத்து வினையின் காலத்தை ஏற்கும் இயல்புடையது. எனினும் 'இப்போது' என்னும் சொல் அதனோடு சேர்ந்ததும் தொடர் முழுவதும் நிகழ்காலத்திற்குச் சாய்கிறது. 'இப்போது' என்பதே வழுவன்று. 'இப்போது அவளுக்குப் புரிந்தது' என எழுதுவதில் குறையில்லை. இறந்தகால வினை ஒன்று அதைத் தாங்கிப் பிடித்தால் போதும்: 'இப்போது மணி நாலாகிவிட்டிருந்தது.'

'மகன் காலையிலேயே கிளம்பிப் போனான்' என்பது நிகழ்காலப் பத்தியில் இறந்தகாலமாக இருந்தது. பத்தி முழுவதும் இறந்தகாலமானபின் அது தன் வேற்றுமையை இழக்கிறது. செருப்பு மிதந்து போனது, மகன் போனான் என இரண்டும் ஒரே வரிசையில் நின்றுவிடுகின்றன. எனவே 'போயிருந்தான்' என ஒரு படி பின்னே தள்ள வேண்டும். முன்நிகழ்ச்சி நீண்டு செல்லுமாயின் முதல் வினைக்கு மட்டும் 'இருந்தான்' வடிவம் போதும். தொடர்ந்து வருவன எளிய இறந்தகாலத்தில் வரலாம். ஒவ்வொரு முற்றிலும் 'இருந்தான்' ஒலிக்கும் பத்தி வாசிப்போரைக் களைப்படையச் செய்வதைத் தவிர வேறு பயன் தருவதில்லை.

எஞ்சியிருப்பது ஆறும் ஊரும். முக்காலத்திற்கும் பொதுவான பொருளை நிகழ்காலத்தால் கூறுவதை நன்னூல் ஏற்கிறது. மலை நிற்கிறது, ஆறு ஓடுகிறது என்பன அத்தகையன. ஆகவே 'ஓடுகிறது', 'இருக்கிறது' என விடினும் வழுவன்று. ஆனால் செல்லம்மாளின் கண்வழியே நகரும் பத்தியில் அவ்வாறு விட்டால், கதைசொல்லி இன்றைய ஊரைக் காட்ட முன்வந்து நின்றதாகத் தோன்றும். இங்கு இரண்டையும் இறந்தகாலமாக்குவது மேல். ஒன்றை மாற்றி மற்றொன்றை விடுவதே உண்மையான வழு. ஆறு இன்றும் ஓடுகிறது, ஊர் மட்டும் அன்று இருந்தது என்றால் வெள்ளம் ஊரைக் கொண்டுபோய்விட்டது என்ற பொருள் எழுதுபவர் அறியாமலே வந்துசேர்கிறது.

இவற்றின்படி திருத்தப்பெற்ற பத்தி:

'செல்லம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மழை இன்னும் விடவில்லை. தெருவில் ஓடிய தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்து போனது. மகன் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தான். இப்போது மணி நாலாகிவிட்டிருந்தது. எப்போதும் மூன்று மணிக்குள் வந்துவிடுவான். அவனுக்கு நீந்தத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். பாலத்துக்கு அப்பால் வெள்ளம் ஏறிவிட்டது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்குக் கிழக்கே ஆறு ஓடியது. ஊர் மேட்டில் இருந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. கால் வரமாட்டேன் என்றது.'

திருத்தியவர் தம் பத்தியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு தொடரின் முன்னும் 'அன்று' என்றோ, வழக்கத்தைக் கூறுவதாயின் 'அந்நாளில்' என்றோ மனத்துள் சேர்த்துப் படித்தல். ஏற்காத தொடர் தப்பிய நிகழ்காலமாகவோ முக்காலப் பொதுவாகவோ இருக்கும். எது என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம். 'அந்நாளில் மூன்று மணிக்குள் வந்துவிடுவான்' ஏற்கிறது. 'அன்று இப்போது மணி நாலு' ஏற்கவில்லை. ஆனால் பொருள் திரிந்த 'தெரிந்தது' போன்றவற்றை இச்சோதனை காட்டிக்கொடுக்காது. அவற்றிற்கு மூலப் பத்தியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

எழுத்தாளர் வேண்டுமென்றே நிகழ்காலத்திற்குத் தாவிய இடங்களையும் இப்பணியில் அடையாளம் காண வேண்டும். உண்டுகொண்டிருப்பவன் அழைத்தவனுக்கு விரைவு கருதி 'உண்டேன்' என்பதை இலக்கணம் அமைத்துக்கொண்டது போலவே, நெருக்கடியின் உச்சத்தில் கதை நிகழ்காலமாவதும் அமைதிக்குரியது. தாவலையும் வழுவையும் பிரித்தறிவது கடினமன்று. தாவல் பெரும்பாலும் ஓர் எல்லையில் தொடங்கும்: புதிய பத்தி, கதவு திறத்தல், குரல் கேட்டல் போன்ற இடம். தொடர்ந்து பல முற்றுகளில் நீடித்து, இன்னோர் எல்லையில் இறங்கும். வழுவோ ஒற்றை வினையாக, நீண்ட தொடரின் இறுதியில், முன்னும் பின்னும் இறந்தகாலம் சூழ நிற்கும். செல்லம்மாள் எழுந்து நடக்கத் தொடங்கும் அடுத்த பத்தியை மூல ஆசிரியர் நிகழ்காலத்திலேயே விட விரும்பினால், 'கால் வரமாட்டேன் என்றது' என்னும் தொடரோடு பத்தியை முறித்து அங்கிருந்து தாவலாம். பத்தியின் நடுவில் தாவ இடமில்லை.