கண்டியில் ஒரு நாள், மூன்று ஆண்டுகள்

கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைக்குப் போன ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன: கிறிஸ்து ஆண்டு 1815, சிங்கள ஆண்டு 1736. இரண்டாவது சக ஆண்டு. மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனையில் அது உறுதியானபோது, அதே மண்ணில் வாழ்ந்த முஸ்லிம்களின் ஹிஜ்ரிக் கணக்கில் ஓடியது 1230. சக ஆண்டையும் கிறிஸ்து ஆண்டையும் பிரிக்கும் இடைவெளி 78, 79 என்றே எப்போதும் நிற்கும். ஹிஜ்ரியின் இடைவெளி மட்டும் ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே போகும். 1815இல் 585 ஆக இருந்தது இன்று 579 அல்லது 578. அந்தச் சுருக்கம் கணக்குப் பிழையல்ல, வேண்டுமென்றே எடுத்த ஒரு முடிவின் விளைவு.

நபிகளார் மதீனாவில் வாழ்ந்த காலத்தில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது. அதற்கு முன்பும் அரபியர் ‘யானை ஆண்டு’ என்பதுபோல் நிகழ்ச்சியை வைத்தே ஆண்டைச் சொன்னார்கள். சிறு ஊருக்கு அது போதும். இரண்டாம் கலீபா உமர் காலத்தில் ஆட்சி இராக், சிரியா வரை விரிந்தபோது போதவில்லை. பஸ்ராவின் ஆளுநர் அபூ மூஸா அல்-அஷ்அரி, உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் திகதி இல்லை, எது முந்தியது எது பிந்தியது என்று தெரியவில்லை என முறையிட்டார் என்பது மரபுச் செய்தி. இன்னொரு செய்தி கடன் பத்திரத்தைப் பற்றியது. தவணை ‘ஷஃபான்’ என்றிருந்தது. எந்த ஷஃபான்? போனதா, வரப்போவதா? அலுவலகம் நடத்தியவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.

ஹிஜ்ரி 16 அல்லது 17இல் உமர் தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார். நபிகளாரின் பிறப்பிலிருந்து எண்ணலாமா, நபித்துவம் கிடைத்ததிலிருந்தா, மறைவிலிருந்தா என்றெல்லாம் பேசப்பட்டது. பிறந்த நாளிலும் நபித்துவம் தொடங்கிய நாளிலும் கருத்து வேறுபாடு இருந்தது. மறைவு துயர நினைவு. மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த ஹிஜ்ரத்து எல்லோரும் அறிந்த, ஐயமற்ற நிகழ்ச்சி. அலீ அதை முன்மொழிந்தார் என்பர். சமூகம் தனக்கென ஓர் ஊரையும் ஆட்சியையும் பெற்றதும் ஹிஜ்ரத்தால்தான்.

ஆனால் ஆண்டின் முதல் நாள் ஹிஜ்ரத்து நடந்த நாள் அல்ல. நபிகளார் மதீனாவின் புறத்தே குபாவை அடைந்தது ரபீஉல் அவ்வலில், அதாவது 622 செப்டம்பரில். ஆண்டோ முஹர்ரத்தில் தொடங்கியது. ஹஜ் முடிந்து மக்கள் ஊர் திரும்பும் மாதம் அது, பழைய வழக்கிலும் அதுவே ஆண்டுத் தொடக்கம். ஆகவே எண்ணிக்கை இரண்டு மாதம் பின்னுக்கு நகர்த்தப்பட்டு 622 ஜூலை 16ஆம் திகதி வெள்ளிக்கிழமையில் தொடங்குகிறது. முஹர்ரம் முதல் நாளை ஹிஜ்ரத்து நடந்த நாளாகவே மேடைகளில் சொல்லிவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

ஆண்டுக்கு எண் கொடுத்தது உமர். ஆண்டின் நீளத்தை முடிவு செய்தது அதற்கு முந்திய ஒரு தடை. அதைப் புரிந்துகொள்ள கண்டியைவிட வசதியான இடம் இல்லை. எசல பெரஹராவும் சந்திர மாதத்தைப் பார்த்து நடப்பதுதான். ஆனாலும் அது ஜூலை, ஆகஸ்டை விட்டுப் போவதில்லை. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாள், சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. குறை சேர்ந்து ஒரு மாதமானதும் ‘அதி’ மாதம் ஒன்றை நுழைத்துப் பஞ்சாங்கக்காரர் சரிசெய்கிறார். 2023இல் அதி எசல போயா வந்தது அப்படித்தான். ரமழானுக்கு அந்தச் சரிசெய்தல் கிடையாது. 1980இல் ஜூலை நடுவில் வந்த நோன்பு, பருவங்களெல்லாம் சுற்றி 2013இல்தான் மறுபடி ஏறத்தாழ அதே நாட்களுக்குத் திரும்பியது.

அரபியரிடமும் முன்பு இத்தகைய தலையீடு இருந்தது. ‘நஸீ’ என்றார்கள். கினானா குலத்தவரிடம் அந்த உரிமை இருந்தது. அது கூடுதல் மாதம் நுழைப்பதா, போர் விலக்கப்பட்ட புனித மாதத்தைத் தள்ளிவைப்பதா என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. எதுவானாலும், ஹஜ்ஜும் போர்நிறுத்தமும் எந்த மாதம் என்பது சிலரின் அறிவிப்பில் தொங்கியது. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 36, 37ஆம் வசனங்கள் மாதங்கள் பன்னிரண்டே என்று வரையறுத்து நஸீயைக் கண்டித்தன. ஹிஜ்ரி 10இல் நபிகளாரின் இறுதி ஹஜ் உரையிலும் அது வலியுறுத்தப்பட்டது. எவரும் கைவைக்க முடியாத, வானத்தைப் பார்த்தே அறியக்கூடிய மாதம் வேண்டும் என்பதே சந்திர ஆண்டுக்கான காரணம் என்பது என் துணிபு. உழவுக்கு உதவாது என்பது அதற்குக் கொடுத்த விலை.

இனி 1815 மார்ச் 2ஐக் கணக்கிட்டுப் பார்ப்போம். சந்திர மாதம் சராசரியாக 29.53 நாள். ஆகவே 30, 29 என்று மாறி மாறி மாதங்களை வைத்து, மிச்சத்தை ஈடுகட்ட 30 ஆண்டுச் சுற்றில் 11 ஆண்டுகளுக்கு ஒரு நாள் கூட்டுவது வானியலாரின் அட்டவணை முறை. ஒரு சுற்றுக்கு 10,631 நாள். 622 ஜூலை 16 முதல் கண்டி ஒப்பந்த நாள் வரை கடந்தவை 435,595 நாள். அதில் 40 சுற்றுகள் 425,240 நாளை விழுங்கும், மிச்சம் 10,355. அடுத்த 29 ஆண்டுகளுக்கு 10,277 போனால் 78 நாள் நிற்கும். எனவே அது 1230ஆம் ஆண்டின் 79ஆம் நாள். முஹர்ரம் 30, ஸஃபர் 29 கழிந்தால் ரபீஉல் அவ்வல் பிறை 20.

வழுக்கும் இடங்கள் உண்டு. வெறுமனே 1815இலிருந்து 622ஐக் கழித்தால் 1193 வரும், 37 ஆண்டு குறைவு. 622 ஜூலை 16 பழைய ஜூலியன் நாட்காட்டித் திகதி. அதைக் கிரிகோரியன் என்று எடுத்தால் மூன்று நாள் பிசகும். சரிபார்க்கக் கிழமை உதவும்: 435,595ஐ ஏழால் வகுத்தால் மீதி 6, வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளினால் வியாழன். 1815 மார்ச் 2 வியாழக்கிழமையேதான்.

ஆயினும் அன்றைய கண்டி முஸ்லிம் பிறை 20 என்றே எழுதியிருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. அட்டவணை சராசரியைச் சொல்கிறது, வழக்கமோ கண்ணால் பிறை பார்ப்பது. 29ஆம் நாள் மஃரிபுக்குப் பின் தலைப்பிறை தெரியாவிட்டால் மாதம் 30 ஆகும். தலைப்பிறை மேற்கே தாழ்வாகச் சற்று நேரமே நிற்கும். மலைகள் சூழ்ந்த கண்டிப் பள்ளத்தில் மேகம் வேறு. இன்று கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்குக் காத்திருக்கிறோம். தொலைபேசி இல்லாத காலத்தில் கடற்கரைக்கும் மலைக்கும் ஒரு நாள் வேறுபட்டிருந்தால் அதில் வியப்பில்லை. நாள் பிறப்பதும் நள்ளிரவிலல்ல, சூரியன் மறையும்போது. அன்று மஃரிபுக்குப் பின் எழுதிய கடிதத்தில் பிறை 21 இருந்திருக்கும்.

உழவுக்கு உதவாத குறையை அரசுகள் வேறு வழியில் தீர்த்தன. தமிழ்நாட்டு வருவாய்த்துறை இன்றும் எழுதும் பசலி ஆண்டு, ஷாஜஹான் தக்காணத்தில் ஹிஜ்ரி 1046இல் (1636) எண்ணை அப்படியே எடுத்துச் சூரிய ஆண்டாக ஓடவிட்டதன் மிச்சம். 2025 ஜூலையில் பசலி 1435 பிறந்தபோது ஹிஜ்ரி 1447 ஆகியிருந்தது. ஒரே எண்ணில் தொடங்கியவை, நான்கு நூற்றாண்டு நிறையுமுன் பன்னிரண்டு ஆண்டு விலகிவிட்டன.

கண்டி, அக்குறணைப் பக்கத்துப் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் பழைய திருமணப் பதிவுகள், வக்ஃபுப் பத்திரங்கள், மீஸான் கற்கள் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். அவற்றைப் படியெடுக்கும்போது பிறையையும் ஆண்டையும் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். கிழமை இருந்தால் அதையும் தவறாமல் எழுதுங்கள். ஒரு நாள் ஐயத்தைத் தீர்க்க அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.