உடைந்த வரி: இரு கரைகளில் இரு காரணங்கள்

தமிழ்நாட்டுப் புதுக்கவிதையும் ஈழத்துக் கவிதையும் அச்சில் ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்டவை. குறுகிய வரிகள், நடுவில் முறியும் வாக்கியங்கள், எஞ்சும் வெற்றிடம். ஆனால் அந்த வரிகள் ஏன் முறிகின்றன என்று கேட்டால் இரு கரைகளும் வேறு வேறு பதில் சொல்கின்றன. தமிழ்நாட்டில் யாப்பைக் கைவிட்டதால் வரி முறிந்தது. ஈழத்தில், குறிப்பாக 1950களிலும் 60களிலும், யாப்பைப் பேச வைப்பதற்காக முறிந்தது.

தமிழ்நாட்டின் கதை பலரும் அறிந்ததுதான். பாரதியின் வசன கவிதை முதல் வாசலைத் திறந்தது. 1934இல் ந. பிச்சமூர்த்தி ‘மணிக்கொடி’யில் யாப்பில்லாக் கவிதை எழுதத் தொடங்கினார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ அந்த முயற்சியை ஓர் இயக்கமாக்கியது. சிற்றிதழில் வளர்ந்த இந்தக் கவிதை, தனியே அமர்ந்து கண்ணால் படிக்கும் வாசகரை நம்பியது. சீரும் தளையும் போன இடத்தில் படிமமும் வரியின் முறிவும் வந்து நின்றன.

ஈழத்தில் யாப்பில்லாக் கவிதை தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது. 1943இலேயே வரதர் ‘ஈழகேசரி’யில் அப்படி எழுதினார். ஆனால் 50களிலும் 60களிலும் வலுவாக எழுதிய மஹாகவி, நீலாவணன், முருகையன் ஆகியோர் யாப்பை விடவில்லை. கவியரங்கும் பா நாடகமும் அவர்களுடைய களங்கள். ‘கோடை’ போன்ற மஹாகவியின் பா நாடகங்களில் ஊர் மனிதர்கள் மேடையில் பேச வேண்டும். பேச்சு பேச்சாக ஒலிக்க வேண்டும். அடியில் யாப்பும் ஓட வேண்டும். அதனால் அவர்கள் மரபு அடியை அதன் முடிவில் நிறுத்தாமல், பேசுபவர் நிறுத்தும் இடத்தில் உடைத்து அச்சிட்டார்கள்.

இந்த வேறுபாட்டைக் காட்ட, கட்டுரைக்காக நானே கட்டிய சில வரிகளைப் பாருங்கள்.

வானம் இருண்டு
வருகுது, தம்பி!
முற்றம் முழுக்க
மிளகாய்
காயுது.

கேட்டால் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு. வரிகளை ஒட்டிப் பார்த்தால் ‘வானம் இருண்டு வருகுது தம்பி / முற்றம் முழுக்க மிளகாய் காயுது’ என்று நாற்சீர் அடிகள் இரண்டு எழுந்து நிற்கும். எல்லாச் சீர்களும் ஈரசைச் சீர்கள். முதல் அடியில் ‘வானம்’, ‘வருகுது’ என்று மோனை; இரண்டாவதில் ‘முற்றம்’, ‘முழுக்க’. இது அகவல். கண்ணுக்கு மட்டும்தான் அது புதுக்கவிதை.

அதே செய்தியை யாப்பை விட்டு எழுதினால் இப்படி வரலாம்:

மழை வரப் போகிறது.
முற்றத்தில் இன்னும்
மிளகாய்.

இதை ஒட்டிப் பார்த்தால் அகவல் எதுவும் எழாது. ‘மழை’ ஓரசை, ‘போகிறது’ மூவசை. சீரான நடை இல்லை. ஆனால் ஒட்டியதும் வேறொன்று தொலைகிறது. ‘மிளகாய்’ தனி வரியில் நின்றபோது, அள்ள ஆளில்லையே என்ற பதற்றம் அதில் இருந்தது. ஒரே வரியில் அது வெறும் தகவல். முந்தைய கவிதையில் ஓசை செய்த வேலையை இங்கே முறிவு செய்கிறது. ஒட்டிய பிறகு ஓசை எழாமலும் எதுவும் தொலையாமலும் இருந்தால், அது துண்டாக்கிய உரைநடைதான்.

வரிகளை ஒட்டிப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. தமிழ்ச் சொற்கள் பல இயல்பிலேயே ஈரசை கொண்டவை; செய்தித்தாள் வாக்கியத்திலும் ஓர் அகவல் அடி தற்செயலாக அகப்படும். ஆகவே தொடர்ந்து பல அடிகளை ஒட்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வரவேண்டும். கரையை வைத்து மட்டும் கவிஞரை வகைப்படுத்தவும் முடியாது. ஈழத்தில் தா. இராமலிங்கம் 60களிலேயே யாப்புக்கு வெளியே எழுதினார். சென்னையில் ஞானக்கூத்தன் புதுக்கவிதைக் காலத்திலும் மரபின் ஓசையை நவீனப் பொருளுக்குப் பயன்படுத்தினார்.

70களின் இறுதியிலும் 80களிலும் ஈழத்துக் கவிதையிலும் யாப்பு பெரும்பாலும் விலகியது. மஹாகவியின் மகன் சேரனின் ‘இரண்டாவது சூரிய உதயம்’ 1983இல் வந்தது. ஆனால் அந்தத் தலைமுறையின் கவிதைகளை உரக்கப் படித்தால் அடியில் ஒரு நடை கேட்கிறது. தந்தையர் யாப்பைப் பேச்சுக்குப் பழக்கியிருந்ததால், பிள்ளைகள் யாப்பை விட்டபோதும் அந்தப் பேச்சின் ஓசை அவர்களிடம் தங்கியது. தமிழ்நாட்டுப் புதுக்கவிதை அந்த இடைப்படியை நம்பி வளரவில்லை; அதனால்தான் அது படிமத்தை அவ்வளவு கூர்மையாக்கிக்கொண்டது. ஈழத்துக் கவிதையை ‘எழுத்து’ மரபின் அளவுகோலால் மட்டும் அளப்பவர், அதன் பாதியைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறார்.