ரஷ்ய மொழியில் 'நான்' ஆணா, பெண்ணா?

பேராக்கில் தமிழர் பெயரிலேயே பால் எழுதப்பட்டிருக்கிறது. அடையாள அட்டையில் தந்தை பெயருக்கு முன் வரும் 'அ/லெ' மகனையும் 'அ/பெ' மகளையும் காட்டும். ஆனால் ஈப்போவிலோ சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலோ வளர்ந்த ஒருவர் "உடம்பு முடியல, நேத்து வரல, நாளைக்கு வரேன்" என்று செய்தி அனுப்பினால், எழுதியவர் ஆணா பெண்ணா என்பதை அந்த வாக்கியம் சொல்லாது. தமிழ்த் தன்மை வினை ஒருமை, பன்மையைக் காட்டுமே தவிர பாலைக் காட்டுவதில்லை. மலாயிலோ 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் 'டியா' ஒன்றே. மருத்துவம் படிக்க வோல்கோகிராடுக்கோ கூர்ஸ்குக்கோ போகும் மலேசிய மாணவர் இதே செய்தியை ரஷ்ய மொழியில் எழுதும்போது, 'நான்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஆண் வடிவமா பெண் வடிவமா என்று முடிவு செய்தாக வேண்டும்.

ஒரு பெண் எழுதும் செய்தியை எடுத்துக்கொள்வோம்: "யா ஸபலியேலா, நி ஸ்மக்லா பிரித்தி. ஸாஃப்த்ரா பிரிது. யா கதோவா." நோயுற்றேன், வர இயலவில்லை, நாளை வருவேன், தயாராக இருக்கிறேன் என்பது பொருள். ஆண் எழுதினால் ஸபலியேலா 'ஸபலியேல்' ஆகும். ஸ்மக்லா 'ஸ்மோக்' ஆகும். கதோவா 'கதோஃப்' ஆகும். 'பிரிது' என்ற எதிர்கால வினை மட்டும் இருவருக்கும் ஒன்றே. நிகழ்கால வினையும் அப்படித்தான். ஆக, ரஷ்ய மொழியில் பேசுபவரின் பால் எல்லா வினைகளிலும் படிவதில்லை. இறந்தகால வினையிலும், 'தயார்', 'சம்மதம்', 'மகிழ்ச்சி' போன்ற பயனிலைப் பெயரடைகளிலும்தான் அது தெரிகிறது. ஈப்போவில் நமக்கு அண்டை மொழியான பஞ்சாபி வேறு வழியில் போகிறது. அங்கே 'வந்தேன்' மட்டுமின்றி 'வருவேன்' என்பதும் பெண்ணுக்கு வேறு, ஆணுக்கு வேறு.

இறந்தகாலம் மட்டும் ஏன் இப்படி என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. பழைய ரஷ்யத்தில் இன்றைய இறந்தகால வடிவம் தனி வினைமுற்று அல்ல. பெயரடை போல இயங்கிய ஓர் எச்சம். அதன் பக்கத்தில் 'இருக்கிறேன்' என்ற துணைவினை நின்று தன்மை, முன்னிலை, படர்க்கையைக் காட்டியது. காலப்போக்கில் துணைவினை வழக்கொழிந்தது. பாலைக் காட்டும் எச்சம் மட்டும் மிஞ்சி வினைமுற்றின் வேலையை ஏற்றுக்கொண்டது. தமிழில் இதற்கு நேரான வடிவம் வினையாலணையும் பெயர். 'நான் வந்தேன்' என்பதில் பால் இல்லை. 'நான் நேற்று வந்தவள்' என்றால் பால் உண்டு. 'வந்தவளாக இருக்கிறேன்' என்பதிலிருந்து 'இருக்கிறேன்' உதிர்ந்து, 'வந்தவள்' என்பதே 'வந்தேன்' என்ற பொருளைத் தாங்கினால் என்ன ஆகுமோ, ரஷ்ய மொழியில் அதுதான் ஆயிற்று. போலிஷ் மொழி துணைவினையின் சிதைவை எச்சத்தோடு ஒட்டிக் காப்பாற்றிக்கொண்டதால், அங்கே ஒரே சொல்லில் பாலும் தன்மையும் சேர்ந்து தெரிகின்றன.

பாலைக் காட்டாமலே எழுதிவிடலாமே என்று கேட்கலாம். ஓரளவு முடியும். 'எனக்கு உடம்பு முடியல' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதுபோல ரஷ்யரும் 'மிஞ்யே நிஸ்தரோவித்ஸா' என்பார்கள். அதில் பால் வராது. ஆனால் எழுதினேன், திரும்பினேன், படித்தேன் என்று தானே செய்ததைச் சொல்லத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டுவிடும். பெயரைப் பார்த்தே பால் தெரியாதா என்பது இன்னொரு கேள்வி. ரஷ்யப் பெண்பெயர்கள் பெரும்பாலும் 'ஆ' ஓசையில் முடிபவை, ஆண்பெயர்கள் மெய்யில் முடிபவை. அந்தப் பழக்கத்தில் 'ராஜா' பெண்ணாகவும் 'மலர்' ஆணாகவும் படிக்கப்படலாம். முன்பின் அறியாத ஆசிரியருக்கு அங்கே வினைமுடிவே நம்பகமான தடயம்.

அந்தத் தடயம் பிழைபடும் இடங்களும் உண்டு. வடிவ அட்டவணைகளில் ஆண்பால் வடிவம் முதலில் நிற்பதால், மாணவி அதையே எழுதிவிடலாம். அல்லது முதல் வினையைப் பெண்பாலிலும் அடுத்ததை ஆண்பாலிலும் எழுதி, ஒரே வாக்கியத்தில் இரண்டு ஆட்கள் பேசுவதுபோல் ஆக்கிவிடலாம். ஆண்பால் வடிவத்தோடு 'ஆ' சேர்த்தால் போதும் என்ற எளிய விதியும் எப்போதும் உதவாது. 'ஸ்மோக்' என்பதோடு 'ஆ' சேர்த்தால் சரியான சொல் கிடைக்காது. ஆண்பாலில் மறைந்துபோன 'ல்' பெண்பாலில் திரும்பி வந்து 'ஸ்மக்லா' ஆகிறது. 'ஸக்லாஸென்' என்ற சம்மதச் சொல்லில் நடு உயிர் விழுந்து 'ஸக்லாஸ்னா' ஆகிறது.

தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' இருப்பதால் நம் மாணவருக்கு இது எளிது என்று சொல்வதும் பாதி உண்மைதான். அது படர்க்கையின் பழக்கம். தன்மையில் கை தானாகவே பாலற்ற வடிவத்துக்குப் போகும். ஆகவே தமிழருக்கு ரஷ்ய மொழி கற்பிப்பவர் 'வந்தான், வந்தாள்' என்று தொடங்காமல், 'நான் வந்தவன், நான் வந்தவள்' என்று தொடங்க வேண்டும். ரஷ்ய இறந்தகாலத்தின் இலக்கணம் தமிழில் அங்கேதான் இருக்கிறது.