சக் சக் ஜிங்: பேஸுக்கு இடம் விடும் கிட்டார்

போன மாசம் மாமல்லபுரம் பக்கம், கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஒரு பேண்ட் ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' (1979) பாட்டை வாசித்தார்கள். கிட்டார் வாசித்தவருக்கு நல்ல கை. வலது கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆனாலும் பாட்டு ஆடவில்லை. செங்கல்பட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே யோசனைதான். வேகம் சரி, கார்டும் சரி, அப்புறம் என்ன குறை?

வீட்டுக்கு வந்து மூலப் பாட்டைத் திரும்பக் கேட்டேன். நைல் ராட்ஜர்ஸின் வலது கையைத்தான் எல்லோரும் காப்பி அடிக்கிறோம். ஆனால் 'சக்கிங்' என்கிற இந்த வாசிப்பைத் தனக்குச் சொல்லிக்கொடுத்ததே பேஸ் வாசித்த பெர்னார்ட் எட்வர்ட்ஸ்தான் என்று ராட்ஜர்ஸே சொல்லியிருக்கிறார். இந்தக் கிட்டார் பேஸோடு சேர்ந்து உருவானது. தனியாகப் பிரித்தால் பாதிதான் மிஞ்சும்.

நமக்குப் பழகின கணக்கில் இதைச் சொல்லலாம். ஒரு தட்டுக்கு 'த க தி மி', நாலு தட்டுக்குப் பதினாறு அட்சரம். கை பதினாறையும் அடிக்கிறது. 'த', 'தி' கீழ்நோக்கி, 'க', 'மி' மேல்நோக்கி. கார்டு ஒலிப்பது சில இடங்களில்தான். மீதியெல்லாம் அடைத்த 'சக்'. 'குட் டைம்ஸ்' பேஸ் முதல் மூன்று தட்டிலும் ஒரே ஸ்வரத்தை அழுத்திவிட்டு, ஓர் இடைவெளி விட்டு நகர்கிறது. அந்தச் சாயலில் நான் எழுதிப் பார்த்த பயிற்சி இது:

பேஸ்: தும் – – – | தும் – – – | தும் – – – | – – தும் தும்
கிட்டார்: சக் சக் சக் ஜிங் | சக் சக் ஜிங் சக் | சக் சக் சக் ஜிங் | சக் சக் சக் சக்

மூணு 'ஜிங்'கில் ஒன்றுகூட பேஸ் மேல் விழவில்லை, பாருங்க. நாலாவது தட்டில் கிட்டார் வாயை மூடிக்கொள்கிறது. அது ஸ்நேர் டிரம்முக்கும், அடுத்த ஸ்வரத்துக்குக் கிளம்பும் பேஸுக்கும் விட்ட இடம்.

ஆனால் இடத்தைக் காலியாக விட்டால் மட்டும் போதாது. நிமிஷத்துக்கு 110 தட்டு என்றால் ஓர் அட்சரம் சுமார் 0.136 விநாடி. பேஸ்காரர் 'தும்'மை முழுத் தட்டுக்கும் இழுத்தால் கிட்டாரின் 'ஜிங்' அதற்குள் மூழ்கிவிடும். 'த க' வரை ஒலிக்கவிட்டு, 'தி'யில் தந்தியை அடைக்கணும். அன்றைக்கு அந்த மேடையில் நடக்காதது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பேஸ் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போயின. கிட்டார்காரரோ, தன் சத்தம் கேட்கவில்லை என்று இன்னும் பலமாக அடித்தார்.

கார்டும் அப்படித்தான். பாட்டு ஈ மைனர் செவன்த், ஏ இரண்டுக்கும் நடுவே போய் வருகிறது. ஆறு தந்தியையும் அடித்தால் கீழ் ஸ்தாயியில் பேஸோடு சண்டை. மேல் மூன்று தந்தி போதும்: மூன்றாவது தந்தியில் 7ஆவது ஃபிரெட், இரண்டாவதில் 8, முதல் தந்தியில் 7. தனியாகக் கேட்டால் இது வெறும் ஜி மேஜர். பேஸ் 'ஈ' வாசிக்கும்போதுதான் ஈ மைனர் செவன்த் ஆகிறது. பிறகு மூன்றாவது தந்தியில் மட்டும் 7லிருந்து 6க்கு இறங்குங்க. பேஸ் 'ஏ'க்குப் போனதும் அதுவே ஏ நைன்த். கிட்டார் நகர்ந்தது ஒரே ஒரு ஃபிரெட். கார்டுக்குப் பெயர் வைப்பது பேஸ்.

'சக்'கில் ஒரு சிக்கல் உண்டு. இடது கை விரல்களைத் தூக்கிவிடக் கூடாது. அழுத்தத்தை மட்டும் விட்டு, தந்தியில் ஒட்டியபடியே வைத்திருக்கணும். 7ஆவது ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே ஒரே விரல் பட்டால் 'சக்'குக்குப் பதில் 'டிங்' என்று மணிச் சத்தம் வரும். இரண்டு மூன்று விரல்களைப் படுக்க வைத்தால் அது போய்விடும்.

சரியாக வருகிறதா என்று பார்க்க, டிரம் இல்லாமல் பேஸையும் கிட்டாரையும் மட்டும் போனில் பதிவு செய்து கேளுங்க. காலால் தாளம் போடத் தோன்றினால் பூட்டு விழுந்துவிட்டது. தோன்றாவிட்டால், கிட்டாரைத் திருத்தும் முன் பேஸ் ஸ்வரத்தின் நீளத்தைக் குறைத்துப் பாருங்க.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது. இளையராஜாவின் பல பாடல்களில் பேஸ் இரண்டாவது மெட்டு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே இடைவெளி குறைவு. அதன் மேல் பதினாறு 'சக்'கை ஏற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும். ஓர் ஆவர்த்தத்துக்கு ஒரே ஒரு 'ஜிங்', மற்றபடி சும்மா இருப்பது. அங்கே கிட்டாரின் வேலை அவ்வளவுதான்.