ஐந்து பைசாவும் ஐந்து சதமும்: இசைத்தட்டு தாவும்போது இரு நாட்டுக் கைவைத்தியம்

பாடிக்கொண்டிருக்கும் இசைத்தட்டு ஓரிடத்தில் சிக்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். அல்லது நான்கு வரிகளைத் தாண்டிக் குதித்துவிடும். சென்னையானாலும் கொழும்பானாலும் பல வீடுகளில் இதற்கு ஒரே கைவைத்தியம்தான்: ஊசியைத் தாங்கும் கையின் முனைமேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுவது. இரு இடத்திலும் கைக்குக் கிடைத்தது சதுர வடிவ ஐந்து காசு. ஆனால் 1967 முதல் வந்த இந்திய அலுமினிய 5 பைசாவின் எடை 1.5 கிராம். 1963இல் வந்த இலங்கையின் பித்தளைக் கலவை 5 சதம் 3.2 கிராம், அதாவது இரு மடங்குக்கும் மேல். அந்த நாணயம் எந்தப் பிளேயரின்மேல் ஏறியது என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது.

இந்தியாவில் 1991 வரை வெளிநாட்டு மின்னணுப் பொருள்களை இறக்குமதி செய்வது எளிதாக இருக்கவில்லை. நடுத்தர வீடுகளில் பாடியவை பெரும்பாலும் எச்எம்வி ஃபியஸ்டா, கலிப்ஸோ போன்ற உள்நாட்டுப் பெட்டிகள். அவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அந்த வகை பொதுவாக ஐந்து கிராம் அளவில் அழுத்தினால்தான் ஒழுங்காகப் பாடும். இத்தகைய எளிய பெட்டிகள் பலவற்றில் எடையை மாற்ற எண் போட்ட திருகு கிடையாது. கையின் பின்புறம் ஒரு சுருள்வில் இருக்கும், அவ்வளவுதான். வில் தளர்ந்து அழுத்தம் குறைந்த பெட்டியில் 5 பைசா வைத்தால், இழந்த எடையைத் திருப்பிக் கொடுத்த மாதிரிதான். அதனால் அந்த வைத்தியம் அங்கே பலித்தது, பழக்கமாகவும் நிலைத்தது.

இலங்கை 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. ஜப்பானிய ஸ்டீரியோக்கள் கடைகளுக்கு வந்தன. இவற்றில் காந்த கார்ட்ரிட்ஜ் பொருத்திய டர்ன்டேபிள்கள் வேறு இனம். கையின் பின்னால் எண் போட்ட எதிர் எடை இருக்கும். ஊசிக்கு வேண்டிய அழுத்தம் பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று கிராமுக்குள் முடிந்துவிடும். இன்று புதிதாக விற்கும் ஆடியோ டெக்னிகா ஏடி விஎம்95இ என்ற கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். அதற்கு 1.8 முதல் 2.2 கிராம் வரைதான் அனுமதி. சரியாக 2 கிராமில் வைத்த கைமேல் அந்தப் பழைய 5 சதத்தை வைத்தால் 5.2 கிராம். ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு அமுங்கிப்போய், கார்ட்ரிட்ஜின் அடிவயிறே தட்டில் உரசும். தாவல் நிற்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தடத்தின் சுவர் தேய்கிறது. இன்று இந்தியாவிலும் இதே வகைப் பிளேயர்கள் வந்துவிட்டதால் இந்த ஆபத்து இப்போது இரு கரைக்கும் பொது.

நாணயத்தை நாடும் முன் தாவல் எப்படி நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். எப்போதும் ஒரே தட்டில், ஒரே இடத்தில் என்றால் குற்றம் தட்டில்: அழுக்கு, பூஞ்சை அல்லது கீறல். எல்லாத் தட்டிலும் என்றால் குற்றம் பிளேயரில். திசையும் முக்கியம். தட்டு சுழலும்போது உராய்வு ஊசியை எப்போதும் மையத்தை நோக்கி இழுக்கிறது. அதை ஈடுகட்டத்தான் ஆன்டி ஸ்கேட்டிங் என்ற சிறு விசை கையை வெளிப்பக்கம் இழுக்கிறது. எல்லாத் தட்டிலும் பாட்டு முன்னால் குதித்தால், அந்த விசை குறைவு அல்லது பெட்டி மையப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னால் வந்து ஒரே வரியைப் பாடினால் விசை அதிகம், அல்லது கையைச் சுழலவிடும் அச்சு இறுகியிருக்கிறது.

ஊசித் தேய்மானத்தையும் தட்டே சொல்லிவிடும். சகர, ஸகர ஒலிகள் கரகரக்கும். தவிலும் நாகஸ்வரமும் உச்சத்துக்குப் போகும் இடங்களில் ஊசி தடத்தை விட்டு எகிறும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உருண்டையாக இருக்க வேண்டிய முனையின் இரு பக்கமும் பட்டையாக மின்னும். அந்த ஊசி உளி மாதிரி தடத்தைச் செதுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கூம்பு வடிவ வைர முனைக்கு அதே ஆடியோ டெக்னிகா சொல்லும் ஆயுள் சுமார் 500 மணி நேரம். ஒரு பக்கம் 20 நிமிடம் என்றால் 1,500 பக்கங்கள். தினமும் இரண்டு பக்கம் கேட்பவருக்கு அது இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் வரும்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. 1960களிலும் இங்கே அரக்குத் தட்டுகள் வந்துகொண்டிருந்ததால், பல வீடுகளில் 78 வேகத் தட்டும் எல்பியும் கலந்தே இருக்கும். அக்காலக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் இரண்டு ஊசிகள். சிறு நெம்பைத் திருப்பி மாற்றலாம். 78க்கான முனை எல்பி முனையைவிட நான்கு மடங்கு தடிமன். அது எல்பியின் தடத்துக்குள் இறங்காமல் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். நெம்பைத் திருப்பினால் போதும், செலவே இல்லை. சுத்தம் செய்யும்போதும் கவனம் வேண்டும்: எல்பியில் பூஞ்சை துடைக்க உதவும் ஆல்கஹால் கலவை, அரக்குத் தட்டைக் கரைத்துவிடும்.

அடுத்தது மட்டம். தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் தண்ணீர் ஓட வசதியாகத் தரையில் வாட்டம் விட்டிருப்பார்கள். அங்கே சாய்வு நிலையானது. ரசமட்டத்தைப் பெட்டியின்மேல் அல்ல, தட்டு சுழலும் வட்டத்தின்மேல் வைத்து, இடம் வலமாகவும் முன் பின்னாகவும் பார்த்து, காலுக்கு அடியில் அட்டை கொடுத்தால் சரியாகிவிடும். நுவரெலியா பக்கத்துப் பழைய பங்களாக்களின் பலகைத் தரையில் ரசமட்டம் சரியாகக் காட்டினாலும், ஒருவர் நடந்தால் ஊசி குதிக்கும். அங்கே அட்டை உதவாது. பிளேயரைச் சுவரில் அடித்த பலகைக்கு மாற்ற வேண்டும்.

மட்டம் சரியான பிறகே எடை. ஆன்டி ஸ்கேட்டிங்கைச் சுழியில் வைத்து, ஊசி எதையும் தொடாதபடி கையை விட்டு, அது கிடையாக மிதக்கும்வரை எதிர் எடையைத் திருக வேண்டும். பிறகு எதிர் எடையை அசையவிடாமல் எண் வளையத்தை மட்டும் சுழிக்குக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்துத் திருகிக் கார்ட்ரிட்ஜுக்கு உரிய எடையில் நிறுத்தி, ஆன்டி ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணில் வைக்கலாம். மிதக்கவிடும் படியைத் தாண்டிவிட்டு வளையத்தை மட்டும் 2க்குத் திருப்பினால், அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அனுமதித்ததைவிடக் குறைவாக வைப்பதும் தவறு: பிடிப்பில்லாத ஊசி சுவரில் மோதிக்கொண்டே போவதால் தடம் வேகமாகச் சிதைகிறது.

ஆழமான கீறல் விழுந்த தட்டை இவை எதுவும் குணப்படுத்தாது. அந்த ஒரு பாட்டைத் தாண்டி ஊசியை வைப்பதே நல்லது. மற்ற எல்லாவற்றுக்கும் வரிசை ஒன்றே: தட்டைத் துடைத்து, ஊசியைப் பார்த்து, மட்டம் பிடித்து, கடைசியில் எடையை அமைக்க வேண்டும். கைமேல் இன்னும் ஒரு நாணயம் உட்கார்ந்திருந்தால், அடுத்த பாட்டுக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.